கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் பெர்ஃப்யூம்: கவுண்டரில் கேட்ட கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்தவள், டாக்டர் இல்லை. இரும்பு மாத்திரை வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் போகும்போது குரலைத் தாழ்த்தி, "அக்கா, இன்னொண்ணு கேக்கணும்" என்பார்கள். அந்த இன்னொண்ணு அடிக்கடி வாசனை சம்பந்தப்பட்டதாகவே இருக்கிறது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"நாலாவது மாசம் ஓடுது அக்கா. டெய்லி ரெண்டு மூணு பஃப் பெர்ஃப்யூம் அடிப்பேன். நிறுத்திடணுமா?"

நிறுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. குறைத்தால் நஷ்டமும் இல்லை. இதுவரை அடித்ததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் காரணமே இல்லை. தோலில் நேராக அடிக்காமல் துப்பட்டாவின் ஓரத்திலோ சேலைத் தலைப்பிலோ அடித்தால் உடம்புக்குள் போவது இன்னும் குறையும்.

"தாலேட் தாலேட்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. அது என்ன, என் பாட்டில்ல இருக்கா?"

தாலேட் என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு குடும்பம். வீடியோவில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். நம் தெருவில் ஒரே இனிஷியல் உள்ள நான்கு பேர் இருந்தால், ஒருவன் செய்ததற்கு நான்கு பேரையும் பிடித்துப் போக மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

அந்தக் குடும்பத்தில் உண்மையிலேயே கெட்ட பெயர் எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று டி.இ.ஹெச்.பி., பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகச் சேர்ப்பது. இன்னொன்று டி.பி.பி., ஒரு காலத்தில் நெயில் பாலிஷ் உடைந்து உதிராமல் இருக்கப் போட்டது. இந்த இரண்டையும் அழகுப் பொருட்களில் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்து பல வருடம் ஆகிறது.

பெர்ஃப்யூமில் இருப்பது மூன்றாவது ஆள்: டைஎதில் தாலேட், வியாபாரத்தில் டி.இ.பி. என்பார்கள். நிறம் இல்லாத, வாசனை ஏறக்குறைய இல்லாத, எண்ணெய் மாதிரியான திரவம். இரண்டு வேலைக்காகச் சேர்க்கிறார்கள். வாசனை எண்ணெய்களைக் கரைத்து, அவை சட்டென்று பறந்துவிடாமல் பிடித்து வைக்கும் என்பது ஒன்று. அது கடும் கசப்பு என்பதால், வாசனைக்கு வாங்கிய ஸ்பிரிட்டை யாரும் எடுத்துக் குடித்துவிடாமல் தடுக்கும் என்பது இன்னொன்று. அமெரிக்க விதியில் இப்படிக் கசப்பாக்கும் ஒரு வகைக்கு 100 காலன் ஸ்பிரிட்டுக்கு 1 காலன் டி.இ.பி. என்று கணக்கே இருக்கிறது.

உங்கள் பாட்டிலில் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னால் பொடி எழுத்தில் 'பெர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது பொருளும் இருக்கலாம், எண்பதும் இருக்கலாம்.

"ஆண் குழந்தைக்கு உறுப்பு சரியா வளராதாமே? எட்டாவது வாரத்துல இருந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும் தொடவே கூடாதுன்னு போட்டிருக்காங்க."

இந்த வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கதை சுவாரசியமாக இருக்கும்.

2008-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வயிற்றில் இருக்கும் ஆண் குட்டிக்கு ஆண்மைக்கான ஹார்மோன் சரியாக வேலை செய்யவேண்டிய நேரம் எது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். பிறப்புறுப்பு உருவாவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, சில நாட்கள் மட்டும் நீடிக்கும் ஒரு குறுகிய காலத்தில் அது தீர்மானமாகிவிடுகிறது என்று கண்டார்கள். மனிதருக்கு அதை ஒப்பிட்டுச் சொன்னால் ஏறத்தாழ 8-லிருந்து 14-ஆவது வாரத்துக்குள் வரும். பத்திரிகைகள் இதை 'கர்ப்பிணிகள் பெர்ஃப்யூம் அடித்தால் மகனுக்கு ஆபத்து' என்று தலைப்பாக்கின. ஆனால் அந்த எலிகளுக்குக் கொடுத்தது பெர்ஃப்யூம் இல்லை, தாலேட்டும் இல்லை. ஃப்ளூட்டமைடு கொடுத்தார்கள். என் கடையில் அது புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சீட்டில் எழுதி வரும் மாத்திரை. ஆண் ஹார்மோனைத் தடுப்பதே அதன் வேலை. ஆக, எந்த வாரம் முக்கியம் என்பதற்கு அந்த ஆய்வு சான்று. பெர்ஃப்யூம் அந்த வாரத்தில் என்ன செய்யும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அப்போது தாலேட்டை நேராகக் கொடுத்துப் பார்த்தால்? அதையும் செய்திருக்கிறார்கள். 2000-த்தில் அமெரிக்காவில் கர்ப்பமான எலிகளுக்கு ஒவ்வொரு தாலேட்டையும் தனித்தனியாக, மிகப் பெரிய அளவில், ஒரு கிலோ எடைக்குத் தினம் 750 மில்லிகிராம் கொடுத்தார்கள். டி.இ.ஹெச்.பி. கொடுத்த எலிகளின் ஆண் குட்டிகளுக்கு உறுப்பில் தெளிவான கோளாறு வந்தது. டி.இ.பி. கொடுத்தவற்றின் குட்டிகளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஒரே குடும்பம், ஒரே அளவு, வேறு வேறு முடிவு.

மனிதர்களில் நேரடிச் சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதனால் கர்ப்பிணிகளின் சிறுநீரில் இந்தப் பொருட்களின் மிச்சத்தை அளந்து, பிறந்த ஆண் குழந்தையின் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உள்ள தூரத்தை ஒப்பிட்டார்கள். ஆண் ஹார்மோன் சரியாக வேலை செய்திருந்தால் அந்த இடைவெளி கூடுதலாக இருக்கும். 2005-ல் 85 சிறுவர்களை வைத்துச் செய்த முதல் ஆய்வில் பெர்ஃப்யூம் தாலேட்டின் மிச்சத்துக்கும் குறைந்த இடைவெளிக்கும் தொடர்பு தெரிந்தது. பயம் பரவியதற்கு அதுவே பெரிய காரணம். பிறகு அதே ஆய்வாளரின் குழு 2015-ல் நான்கு அமெரிக்க நகரங்களில் 750-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து, முதல் மூன்று மாதத்துச் சிறுநீரைக் கொண்டு, மறுபடி பார்த்தது. இந்த முறை டி.இ.ஹெச்.பி.-யின் தொடர்பு தெரிந்தது, பெர்ஃப்யூம் தாலேட்டின் தொடர்பு தெரியவில்லை. சின்ன ஆய்வில் தெரிந்தது பெரிய ஆய்வில் காணாமல் போவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும். ஆனால் முதல் ஆய்வை ஷேர் செய்தவர்கள் இரண்டாவதை ஷேர் செய்வதில்லை.

"அப்போ டாக்டர்கள் சங்கமே குறைச்சுக்கோங்கன்னு சொல்லுதே, அது பொய்யா?"

பொய் இல்லை. இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கழகம் 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்ப்ப காலத்தில் அழகுப் பொருட்களையும் வாசனைப் பொருட்களையும் குறைத்துக்கொள்ளலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆதாரம் முழுமையாக இல்லாத இடத்தில் முன்னெச்சரிக்கையாகச் சொல்வதாக அதிலேயே ஒத்துக்கொண்டார்கள். தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள் என்று அவர்களுக்கு அங்கேயே திட்டும் விழுந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் 2021-ல் தாலேட் உள்ளிட்டவற்றைக் குறைக்கக் கர்ப்பிணிகளிடம் பேசுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ, அழகுப் பொருளில் இருக்கும் தாலேட் ஆபத்து என்பதற்கான சான்று தன்னிடம் இல்லை என்கிறது. மூன்றுமே ஒரே ஆய்வுகளைப் படித்துவிட்டுச் சொல்வதுதான். 'இல்லாமலும் இருக்கலாமே, எதற்கு வம்பு' என்று ஒருவர் பார்க்கிறார், 'நிரூபணம் எங்கே' என்று இன்னொருவர் பார்க்கிறார்.

குறைப்பிரசவம் பற்றியும் கேட்பீர்கள். 2022-ல் அமெரிக்காவின் 16 ஆய்வுகளை, 6,045 கர்ப்பிணிகளின் விவரத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சில தாலேட் மிச்சங்கள் கூடுதலாக இருந்தவர்களுக்குக் குறைப்பிரசவம் சற்று அதிகம் என்று வந்தது. அந்தப் பட்டியலில் பெர்ஃப்யூமில் இருந்து வரும் மிச்சம் இல்லை.

எல்லாமே சாதகமாக இருக்கிறது என்று சொன்னால் நான் பாதி உண்மை சொல்கிறவள் ஆகிவிடுவேன். கலிஃபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. கர்ப்பத்தில் தாயின் சிறுநீரில் பெர்ஃப்யூம் தாலேட்டின் மிச்சம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும், மகளுக்குப் பருவ முடி வளர ஆரம்பிப்பது ஏறத்தாழ 1.3 மாதம் முன்னதாக இருந்தது. இது தொடர்பு மட்டுமே. அதுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, அந்தப் பெண்கள் வேறு என்னென்ன பூசினார்கள் என்பதும் அதற்குள் கலந்திருக்கும். ஆனாலும் இதை நான் ஒதுக்கிவிடுவதில்லை. 'நிறுத்த வேண்டாம், குறைத்தால் நல்லது' என்று நான் சொல்வதற்கு இந்த ஆய்வுதான் காரணம்.

"உடம்புக்குள்ள எவ்வளவு போகும்னு கணக்கு போட முடியுமா?"

தோராயமாகப் போடலாம். போன வருடம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள், காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவள். ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கவுண்டரில் கொட்டினாள். ஒரு ஸ்பிரே பெர்ஃப்யூம், ஒரு சின்ன அத்தர் ரோல்-ஆன், ஒரு டால்கம் பவுடர். "எதைத் தூக்கிப் போடணும், சொல்லுங்க அக்கா" என்றாள். மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

முதலில் ஸ்பிரே. ஓர் அமுக்கலுக்கு 0.1 மில்லி வரும். அவள் காலையில் ஆறு தடவை அமுக்குகிறாள், மொத்தம் அரை கிராம் அளவு. அதில் 1 சதவீதம் டி.இ.பி. என்று வைத்தால் 5 மில்லிகிராம். அவ்வளவும் உள்ளே போகாது. டென்மார்க்கில் 26 ஆண்களுக்கு டி.இ.பி. கலந்த கிரீமை உடம்பு முழுக்கத் தடவி, சிறுநீரில் எவ்வளவு வந்தது என்று அளந்தார்கள். தடவியதில் ஏறத்தாழ 6 சதவீதம் வந்தது. அந்தக் கணக்கில் இவளுக்குள் போவது 0.3 மில்லிகிராம். 60 கிலோ எடைக்குத் தினம் இவ்வளவு வரை போகலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்திருக்கும் அளவு 48 மில்லிகிராம். அதாவது 160-ல் ஒரு பங்கு.

அடுத்து அத்தர். இங்கேதான் அவளுக்கு ஆச்சரியம், முதல் தடவை போட்டபோது எனக்கும்தான். அத்தரில் ஸ்பிரிட் கிடையாது, ஆவியாகிப் பறக்க ஒன்றும் இல்லை. மலிவான அத்தரை நீர்க்கச் செய்யவே டி.இ.பி. ஊற்றுகிறவர்கள் உண்டு. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு சொட்டு என்றால், தோலில் 55 மில்லிகிராம் நிற்கிறது. உள்ளே போவது 3 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆறு ஸ்பிரேயை விட இரண்டு சொட்டு அத்தர் பத்து மடங்கு! அப்போதும் அந்த 48-க்கு ரொம்பக் கீழேதான்.

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். 1 சதவீதம், பாதிக்குப் பாதி என்பதெல்லாம் நான் வைத்துக்கொண்டவை, உங்கள் பாட்டிலில் அளந்தது இல்லை. 48 என்பதும் எலிகளின் எடை வளர்ச்சி குறைவதை வைத்து 1980-களில் போட்ட அளவு, ஹார்மோனை வைத்துப் போட்டதில்லை. ஆனாலும் எது பெரிது, எது சின்னது என்று தெரிந்துகொள்ள இது போதும். அவள் ரோல்-ஆனை மட்டும் மகப்பேறு முடியும்வரை ஓரமாக வைத்தாள். பவுடரைக் குழந்தை வந்த பிறகு அதன் பக்கத்தில் உதற வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், வாசனைக்காக இல்லை, அந்தத் தூசி குழந்தையின் மூச்சில் போகும் என்பதற்காக.

"ரொம்ப நாள் பூசியிருக்கேன். உடம்புல சேர்ந்து போயிருக்குமா?"

டி.இ.பி. சேர்ந்து நிற்பதில்லை. தடவிய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு வந்து, ஒரு நாளுக்குள் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். கலிஃபோர்னியாவில் 100 இளம்பெண்களுக்கு மூன்றே நாள் வேறு சோப்பு, ஷாம்பு, கிரீம் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் அந்த மிச்சம் 27 சதவீதம் இறங்கியது. அதனால் இன்று குறைத்தால் இந்த வாரமே குறையும்.

"ஏற்காட்டுல வாங்கின நேச்சுரல் ஆயில்னா பயமில்லைதானே?"

'நேச்சுரல்' என்று ஒட்டியிருப்பது லேபிள்தான், சோதனை முடிவு இல்லை. அத்தர் விஷயம் மேலேயே பார்த்தோம். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை நின்றால் கலப்படம் என்று ஒரு வழி சொல்வார்கள். டி.இ.பி.-யும் மெதுவாகத்தான் ஆவியாகும், சுத்தச் சந்தன எண்ணெயும் மெதுவாகத்தான் ஆவியாகும். காகிதத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

நிஜமாகவே இயற்கையான எண்ணெயிலும் தோல் ஒவ்வாமை வரும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயில் இருக்கும் லிமோனீன், லாவண்டரில் இருக்கும் லினலூல், இரண்டும் பாட்டிலைத் திறந்து வைத்துக் காற்றுப் பட்டால் மாறி, தோலை உறுத்தும் பொருளாகிவிடும். அலமாரியில் ஒரு வருடமாக அரைப் பாட்டில் நிற்கும் எண்ணெய் புதியதை விட மோசம் என்பது இதனால்தான். யூகலிப்டஸ் தைலத்தை நெஞ்சில் தடவிக்கொண்டு பால் கொடுப்பதும், கைக்குழந்தையின் மூக்கருகில் தடவுவதும் வேண்டவே வேண்டாம்.

"'தாலேட் ஃப்ரீ'ன்னு போட்டிருந்தா போதுமா?"

தாலேட் பயத்துக்குப் போதும். தலைவலிக்கோ தடிப்புக்கோ போதாது, அவை வாசனைப் பொருட்களிலிருந்தே வருகின்றன. அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

"எனக்கு முன்னாடி பிடிச்ச வாசனையே இப்ப குமட்டுது. இது குழந்தைக்குக் கெடுதல்னு உடம்பு சொல்லுதா?"

அப்படி இல்லை. கர்ப்பத்தில் பலருக்கும் வாசனை முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும். மூக்கின் கூர்மை உண்மையில் கூடுகிறதா என்று அளந்து பார்த்தால் முடிவுகள் ஒன்றுபோல வரவில்லை. வாசனை அதேதான், அதைப் பிடிக்காமல் போவதுதான் கூடுகிறது என்று தோன்றுகிறது.

ஏற்காடு மலைப்பாதையில் போய் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு, ஜன்னலை ஏற்றி ஏ.சி., கண்ணாடிக்குக் கீழே ஜெல் வாசனை டப்பா. ஐந்தாவது வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு முறை அது நானேதான். டாக்ஸியில் ஏறும்போதே அந்த டப்பாவைக் கழற்றி டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், இருக்கையைச் சுத்தம் செய்வதை விட டிரைவருக்கு அது மேல்.

ஒரு விஷயம் மட்டும் வேறு. வாசனை பட்டதும் இழுப்பு, நெஞ்சு இறுக்கம் வந்தால் அது குமட்டல் கணக்கில் வராது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் ஸ்பிரேயையே விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

"குழந்தை பிறந்தாச்சு. பால் குடுக்கற காலத்துல அடிக்கலாமா?"

அடிக்கலாம், மார்பிலும் கழுத்திலும் தோளிலும் மட்டும் வேண்டாம். இதற்குக் காரணம் தாலேட் இல்லை, குழந்தையின் மூக்கு.

பிறந்த குழந்தைக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை. 1994-ல் ஓர் எளிமையான ஆய்வு நடந்தது. பிறந்தவுடன் தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, குழந்தையை நடுவில் குப்புறப் படுக்க வைத்தார்கள். 30 குழந்தைகளில் 22 கழுவாத மார்பைத் தேடிப் போயின. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்திலிருந்து வரும் இயல்பான வாசனைதான் அவற்றுக்கு வழிகாட்டி. அதன் மேல் பெர்ஃப்யூம் அடித்தால் பெயர்ப்பலகை மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

என் மூத்தவன் பிறந்து பத்து நாளில், பார்க்க வந்த உறவுக்காரர் கொடுத்த வாசனை லோஷனை நெஞ்சுவரை தடவிக்கொண்டேன். அன்று மாலை அவன் மார்பில் முகத்தை வைத்துவிட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினான், பிடிக்கவில்லை, அழுதான். பால் இல்லை என்று வீட்டில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை ஒருத்தர்தான் முந்தானையை முகர்ந்துவிட்டு, "போய் வெறும் தண்ணியில தொடச்சிட்டு வா கண்ணு" என்றார். துடைத்துவிட்டு வந்ததும் குடித்தான். ஒரே குழந்தை, ஒரே நாள், இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'திடீரென்று பிடிக்க மாட்டேங்குது' என்று யாராவது வந்தால் புதிதாக என்ன பூசினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். துடைத்த பிறகும் அடுத்தடுத்த வேளை குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அது வாசனை விஷயம் இல்லை, உடனே குழந்தை டாக்டரிடம் போக வேண்டும்.

"பால் வழியா குழந்தைக்குப் போகுமா?"

துளி போகிறது. டென்மார்க், ஃபின்லாந்து இரண்டிலும் 130 தாய்மார்களின் பாலை அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். பெர்ஃப்யூம் தாலேட்டின் மிச்சம் ஒரு லிட்டர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். மூன்று மாத ஆண் குழந்தைகளின் சில ஹார்மோன் அளவுகளில் அதனோடு சேர்ந்து சின்ன மாற்றம் தெரிந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் அந்தக் குழந்தைகளுக்கு நோய் வந்ததாக இல்லை.

தாய்ப்பாலில் தங்குவது வேறொன்று: செயற்கைக் கஸ்தூரிகள். சோப்புத் தூள், துணி கண்டிஷனர், பெர்ஃப்யூம் எல்லாவற்றிலும் அடி வாசனையாக இருப்பவை. கொழுப்பில் கரைவதால் பாலின் கொழுப்பில் இவற்றைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த அளவால் குழந்தைக்குக் கேடு வந்ததாகக் காட்டிய ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. தாய்ப்பாலை நிறுத்துவதற்கு இது எந்தக் கணக்கிலும் காரணம் ஆகாது. வேண்டுமானால் துணி கண்டிஷனரை நிறுத்துங்கள்.

"மல்லிகைப்பூ வெச்சா பால் வத்திடும்னு தலையிலயே வைக்க விடமாட்டேங்கறாங்க."

வ.உ.சி. பூ மார்க்கெட் உள்ள ஊரில் இந்தச் சண்டை இல்லாத வீடு குறைவு. பெரியவர்கள் சொல்வது வெறும் கற்பனை இல்லை. 1988-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பால் நிறுத்த வேண்டியிருந்த தாய்மார்களில் ஒரு பாதிக்கு மார்பின் மேல் குண்டுமல்லியை வைத்துக் கட்டினார்கள், மறுபாதிக்கு பால் நிறுத்தும் மாத்திரையான புரோமோகிரிப்டின் கொடுத்தார்கள். இரண்டிலும் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் குறைந்தது, மாத்திரையில் இன்னும் அதிகமாக. பால் வற்றியது, கட்டல் குறைந்தது என்று பார்த்தால் பூவும் மாத்திரையும் ஏறக்குறைய சமம். எதையுமே செய்யாத மூன்றாவது பிரிவு அதில் இல்லை, குழந்தை குடிக்காமல் விட்டாலே பால் தானாகக் குறையும் என்பதும் உண்டு. அதனால் பூவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஆனால் அது மார்பில் கட்டியது. கூந்தலில் ஒரு முழம் வைத்ததால் பால் வற்றியதாக எந்த ஆய்வும் எனக்குக் கிடைக்கவில்லை. வளைகாப்புக்கும் தொட்டில் போடும் நாளுக்கும் தாராளமாக வையுங்கள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று மட்டும் பூவை மார்பில் வைத்துக்கொள்ளாதீர்கள், தொடர்ந்து பால் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

"குழந்தைக்குத் தலைக்கு ஊத்தி சாம்பிராணி காட்டறோம். அதுவும் கெமிக்கலா?"

இங்கே கெமிக்கலை விடப் புகைதான் பெரிய விஷயம். பெர்ஃப்யூமுக்கு அவ்வளவு பயப்படுகிறவர்கள் மூடிய அறைக்குள் தணலில் சாம்பிராணி போட்டு அதன் மேல் பிஞ்சைக் காட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். நுண்துகள் நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஊதுபத்தியும் அப்படித்தான், அதன் வாசனையைக் கரைக்கவும் டி.இ.பி. நிறையப் பயன்படுகிறது, அதையும் சேர்த்து எரிக்கிறோம். தலையைப் பருத்தித் துணியால் துவட்டிக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க, குழந்தை வேறு அறையில் இருக்கும்போது புகை போட்டு, ஜன்னலைத் திறந்து, அடங்கிய பிறகு கொண்டு வாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று, யாரும் கேட்காவிட்டாலும் நான் சொல்வது: அந்துருண்டை. பீரோவில் அந்துருண்டையோடு வைத்திருந்த பழைய போர்வையை அப்படியே எடுத்துப் பச்சைக் குழந்தைக்குச் சுற்றக் கூடாது. ஜி-6-பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மஞ்சள்காமாலை கடுமையாக ஏறும். கண்ணும் தோலும் மஞ்சளாகி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வந்தால் காத்திருக்கக் கூடாது.

"நான் விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் டியோ அடிச்சுட்டு வந்து குழந்தையைத் தூக்கறாரே?"

அடித்துவிட்டு அதே அறையில் நிற்காமல் இருந்தால் போதும். ஸ்பிரிட் ஒன்றிரண்டு நிமிடத்தில் பறந்துவிடும், காற்றில் நிற்கும் துளிகள் அடங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். குளியலறையில் அடித்து, சட்டையை மாட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். குழந்தையின் கன்னம் சாய்கிற தோளில் மட்டும் ஒரு வெள்ளை டவலைப் போட்டுக்கொள்ளட்டும். கன்னத்தில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு அவர் தூக்குகிற பக்கம் மட்டும் வந்தால், எதனால் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும்.